நாற்பத்து மூன்றாம் சீட்டு

கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் மழை. ஆனி, ஆடியில் கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது இங்கே தூறலோடு போய்விடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வெயில் மறந்துபோகும். அப்படி ஒரு மாலையில்தான் கொழுந்து எடை போடும் கொட்டகையில் அந்த அக்கா என்னை நிறுத்தினார். முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். முந்தைய வாரத்தின் கணக்குத் தாளை நான்காக மடித்து, நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்.

"எடை சரியாக இருக்கிறது தம்பி. ஆனால் செவ்வாய்க்கிழமை நான் ஒரு மூட்டைதான் கொண்டுவந்தேன். சுமைக்கூலி இரண்டு மூட்டைக்குப் பிடித்திருக்கிறீர்கள்."

அந்தக் கணக்கைப் போடும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியவன் நான். ஊரில் அறுபது பேர் வரை சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரே வண்டியில் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஓர் எடைச் சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு ரூபாய் சுமைக்கூலி. எடை போடும்போது தவறு நேர்ந்தால் சீட்டை ரத்து செய்வார்கள். சீட்டு எண் வரிசையில் இடைவெளி விழக்கூடாது என்பதால் ரத்தான சீட்டும் கோப்பில் இருக்கும், எடை மட்டும் பூஜ்யமாகிவிடும். இரவில் என் நிரல் அந்தக் கோப்பைப் படித்து, பூஜ்ய எடைச் சீட்டுகளை நீக்கிவிட்டு, மீதியைக் கூட்டும். சித்திரையில் எழுதி, இரண்டு மாதம் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு ரூபாய் பிசகவில்லை.

அக்காவுக்கு நான்கு ரூபாய் கூடுதலாகப் பிடித்திருந்தது. தொகை சின்னது. ஆனால் தாளில் அச்சாகிவிட்ட கணக்கை, எழுதப் படிக்கச் சற்றுத் தடுமாறும் ஒருவர் சரிபார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார் என்றால், கண்டுபிடிக்காதவர்கள் எத்தனை பேர்? அன்று இரவே உட்கார்ந்தேன்.

பிழை இருந்த இடம் ஐந்தே வரிகள்:

```python
def clean(slips):
    for s in slips:
        if s["kg"] == 0:
            slips.remove(s)
    return slips
```

படிப்பதற்குத் தமிழ் வாக்கியம் போலவே இருக்கிறது: சீட்டுகளில் ஒவ்வொன்றாக எடு, எடை பூஜ்யம் என்றால் நீக்கு. அன்றைய செவ்வாய்க்கிழமைக் கோப்பில் 143 சீட்டுகள். அக்காவின் பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 41ஆம் சீட்டு வேறொருவருடையது, 18.5 கிலோ. 42, 43 இரண்டும் அக்காவுடையவை, இரண்டும் ரத்து. 44 அவருடைய உண்மையான எடை, 22 கிலோ. 45 அடுத்தவருடையது, ரத்து. 46 அவரே மறுபடி நிறுத்தது, 16.5 கிலோ. நிரல் ஓடி முடிந்தபின் பட்டியலில் 41, 44, 46 மட்டும் இருக்கவேண்டும். 43உம் இருந்தது. அதன் எடை பூஜ்யம் என்பதால் மொத்த எடையில் எந்த மாற்றமும் இல்லை. சீட்டுகளின் எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடிவிட்டது. அந்த முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் சரிபார்த்தது மொத்த எடையைத்தான்.

எல்லோரையும் போல நானும் முதலில் `print` போட்டேன். எங்கே போட்டேன் என்பதுதான் முக்கியம். நீக்கும் வரிக்குச் சற்று மேலே, `if` வரிக்கு உள்ளே:

```python
print("நீக்கம்", s["no"])
```

42 வந்தது, 45 வந்தது, 43 வரவில்லை. அப்படியென்றால் 43இல் `if` நிபந்தனை பொய்த்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதற்கு வலுவான காரணமும் இருந்தது. சி.எஸ்.வி. கோப்பிலிருந்து வரும் எதுவும் முதலில் எழுத்துச் சரமாகத்தான் வரும். எண்ணாக மாற்ற மறந்துவிட்டால் `"0"` என்ற சரமும் `0` என்ற எண்ணும் ஒன்றாகாது, நிபந்தனை பொய்க்கும். இதில் `print` செய்யும் ஒரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். சரத்தை அச்சிட்டாலும் எண்ணை அச்சிட்டாலும் திரையில் ஒரே 0தான் தெரியும். பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. `print(repr(x))` என்று போட்டால் சரத்துக்கு மேற்கோள்குறி வரும், இடைவெளியும் அம்பலமாகும். இதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன். அன்றும் அப்படித்தான், `for` கண்ணிக்கு முன்பாகவே எல்லாச் சீட்டுகளின் எடையையும் `repr` வழியாக அச்சிட்டேன். 42க்கு `0.0`. 43க்கும் `0.0`. இரண்டும் எண்கள், இரண்டும் பூஜ்யம்.

இங்கேதான் ஒரு மணி நேரம் போனது. எடை பூஜ்யம், நிபந்தனை உண்மை, ஆனாலும் நீக்கப்படவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ எச்சம் இருக்குமோ என்று தேடினேன். கோப்பைத் திறந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நான் போட்ட ஒவ்வொரு `print`உம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது: 43இன் எடை என்ன? அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் சரியான பதில் வந்துகொண்டே இருந்தது.

அதற்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. கோப்பு நேர வரிசையில் இருப்பதால் ஒருவருடைய சீட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அச்சாகின. படிக்க வசதியாக, விவசாயியின் குறியீட்டுப்படி அடுக்கி அச்சிடலாம் என்று கண்ணியின் தலைவரியை மட்டும் மாற்றினேன்:

```python
for s in sorted(slips, key=lambda x: x["code"]):
```

பிழை காணாமல் போய்விட்டது. 43 ஒழுங்காக நீங்கியது. எண்ணிக்கை சரி. அந்த வரியைப் பழையபடி மாற்றினேன், பிழை திரும்பி வந்தது. மறுபடி அடுக்கினேன், மறைந்தது. இப்போது காரணம் தெரிகிறது. `sorted` தனியாக ஒரு புதிய பட்டியலை உருவாக்கித் தரும். கண்ணி அந்தப் புதிய பட்டியலின் மேல் நடக்கும், நீக்கமோ பழைய பட்டியலில் நடக்கும். ஒன்றை ஒன்று தொடாது. அன்று இரவு எனக்கு அது புரியவில்லை. "வரிசையில்தான் கோளாறு" என்று நினைத்து அடுக்கும் வரியையே நிரந்தரமாக வைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்பேன். அப்படிச் செய்திருந்தால் கணக்கு சரியாகவே வந்திருக்கும், காரணம் மட்டும் எனக்குத் தெரிந்திருக்காது. பின்னொரு நாள் "இந்த அடுக்கல் எதற்கு?" என்று யாராவது அந்த வரியை எடுத்ததும் மறுபடி யாரோ ஒருவருக்கு நான்கு ரூபாய் குறைந்திருக்கும். பார்ப்பதற்காகச் செய்த மாற்றம் பார்க்கப்படும் பொருளையே மாற்றிவிட்டால், அந்த இடத்தில் நிரலைத் தொடாமல் பார்க்கும் கருவிதான் வேண்டும்.

டிபக்கர் அப்படிப்பட்ட கருவி. பைத்தானோடு கூடவே வரும் டிபக்கரின் பெயர் `pdb`. தனியாக நிறுவத் தேவையில்லை. `python -m pdb` என்று எழுதி அதன்பின் கோப்பின் பெயரைக் கொடுத்தால் நிரலின் முதல் வரியிலேயே நின்றுவிடும். பைத்தான் 3.7 முதல் நிரலுக்குள்ளேயே `breakpoint()` என்று ஒரு வரி எழுதினாலும் அங்கே நிற்கும். நான் முதல் வழியைத்தான் எடுத்தேன், நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விரும்பவில்லை.

டிபக்கரைப் பலர் ஒருமுறை தொட்டுவிட்டு விட்டுவிடுவதற்குக் காரணம் கண்ணிதான் என்று நினைக்கிறேன். 143 சீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிகள். அடுத்த வரிக்கு நகர்த்தும் `n` விசையை முதலிலிருந்து தட்டிக்கொண்டே போனால் நாற்பதாவது சுற்றில் கண் சொக்கும், வேண்டிய சுற்று வரும்போது விரல் தன் வேகத்தில் தாண்டிவிடும். வரிவரியாக நடப்பது என்பது கண்ணி முழுவதையும் நடப்பதல்ல. சந்தேகத்துக்குரிய இரண்டு சுற்றுகளை மட்டும் நடப்பது. அதற்கு நிபந்தனையோடு நிறுத்தவேண்டும். மூன்றாம் வரியில் நில், ஆனால் சீட்டு எண் 42 ஆக இருந்தால் மட்டும்:

```
(Pdb) b 3, s["no"] == 42
(Pdb) c
-> if s["kg"] == 0:
```

முதலில் 43இல் நிறுத்தத்தான் முயன்றேன். நிரல் நிற்காமலே ஓடி முடிந்துவிட்டது. எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கு ஒன்று முன்னால் 42இல் நிறுத்தினேன். நிரல் நிற்காததே பதில் என்பது அடுத்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

நின்ற இடத்தில் முதல் வேலையாகப் பட்டியலின் மேல் ஒரு கண்ணை நிரந்தரமாக வைத்தேன். `display` என்ற கட்டளை அதற்குத்தான். மதிப்பைக் கணிக்கும் ஒரு கோவையைக் கொடுத்துவிட்டால், நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அதன் மதிப்பு மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டும். இதில் ஒரு பள்ளம் உண்டு. `display slips` என்று பட்டியலையே நேரடியாகக் கொடுத்தால் மாற்றம் தெரியாது. பழைய மதிப்பு என்று அது வைத்திருப்பதும் அதே பட்டியல், இப்போது பார்ப்பதும் அதே பட்டியல், எனவே "ஒன்றும் மாறவில்லை" என்று பேசாமல் இருந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய பட்டியலை உருவாக்கும் கோவையைக் கொடுக்கவேண்டும். `slips[:]` போதும். நான் சீட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேலே சொன்ன ஆறு சீட்டுகளை மட்டும் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டதால் திரையும் சுருக்கமாக இருந்தது:

```
(Pdb) display [x["no"] for x in slips]
display [x["no"] for x in slips]: [41, 42, 43, 44, 45, 46]
(Pdb) n
-> slips.remove(s)
(Pdb) n
-> for s in slips:
display [x["no"] for x in slips]: [41, 43, 44, 45, 46]  [old: [41, 42, 43, 44, 45, 46]]
(Pdb) n
-> if s["kg"] == 0:
(Pdb) p s["no"]
44
```

கடைசியில் இருக்கும் அந்த 44ஐப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 42க்குப் பிறகு 44. கண்ணி 43ஐக் கையில் எடுக்கவே இல்லை. எடுக்காத சீட்டின் எடையைத்தான் ஒரு மணி நேரமாக விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாகப் பார்த்தால் காரணம் அந்தச் சில வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. `for` கண்ணி ஒரு பட்டியலின் மேல் நடக்கும்போது உள்ளுக்குள் ஓர் இட எண்ணை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது; "அடுத்த சீட்டு" என்று ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 41 இருப்பது இடம் 0, 42 இருப்பது இடம் 1, 43 இருப்பது இடம் 2. இடம் 1இல் இருந்த 42ஐ நீக்கியதும் பின்னால் இருந்தவை எல்லாம் ஒவ்வோர் இடம் முன்னால் நகர்கின்றன. 43 இப்போது இடம் 1க்கு வந்துவிட்டது. கண்ணியோ இடம் 1 முடிந்தது என்று இடம் 2க்குப் போகிறது. அங்கே இருப்பது 44. வரிசையில் நிற்பவர் ஒருவர் விலகியதும் அடுத்தவர் ஓரடி முன்னால் வந்துவிட, டிக்கெட் பார்ப்பவரும் அதே நேரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

மேலும் நான்கைந்து முறை `n` தட்டினேன். 44 தங்கியது. 45 நீக்கப்பட்டது. அத்துடன் கண்ணி முடிந்துவிட்டது. 46ஐயும் அது பார்க்கவில்லை. 46இன் எடை 16.5 என்பதால் பார்க்காமல் விட்டதில் நட்டமில்லை. இதனால்தான் பிழை இத்தனை நாள் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு நீக்கத்துக்கும் அடுத்த சீட்டு பார்க்கப்படாமல் போகிறது, சித்திரையிலிருந்தே. ஆனால் அப்படித் தப்பும் சீட்டு நல்ல சீட்டாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ரத்துகள் இரண்டு தொடர்ந்து வந்தால்தான் ஒன்று தங்கும். மூன்று தொடர்ந்தால் நடுவில் இருப்பது மட்டும் தங்கும். நான்கு தொடர்ந்தால் இரண்டு.

தொடர்ந்து ரத்து எப்போது வரும்? மறுநாள் கொட்டகையில் எடை போடும் அண்ணனிடம் கேட்டேன். "மழை நாளில்தான் தம்பி. மூட்டையைத் தூக்கி வைத்தால் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். ஒருமுறை போட்டு ரத்து, உதறிவிட்டு மறுபடி போட்டு ரத்து, மூன்றாவதுதான் நிற்கும்." நான் சோதித்ததெல்லாம் காய்ந்த கொழுந்தில். பிழையை வெளியே கொண்டுவந்தது ஐப்பசி.

`print` இதைக் கண்டுபிடித்திருக்காதா? கண்டுபிடித்திருக்கும். `if`க்கு உள்ளே போட்டதை ஒரு வரி மேலே, கண்ணியின் தலைவரிக்கு அடுத்து வைத்திருந்தால் 41, 42, 44, 45 என்று அச்சாகியிருக்கும், ஒரே பார்வையில் ஓட்டை தெரிந்திருக்கும். 143 வரிகள் திரையை நிரப்புமே என்று நினைத்து உள்ளே போட்டேன். அப்படிப் போடும்போதே "கண்ணி எல்லாச் சீட்டையும் பார்க்கிறது" என்ற நம்பிக்கையையும் சேர்த்தே போட்டுவிட்டேன். எங்கே வைப்பது, எதை அச்சிடுவது என்று `print` முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்கிறது. டிபக்கரில் நிற்கும்போது அந்த முடிவைப் பிறகு எடுக்கலாம். பட்டியலைப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் சீட்டைப் பார்த்து, அப்படியே இன்னொரு வரி நகரலாம். கண்ணிக்குள்ளேயே உருமாறும் பட்டியல் என்றால் இப்போதெல்லாம் நான் நேராக டிபக்கருக்குத்தான் போகிறேன்.

`pdb` பழகுகிறவர்களுக்கு இரண்டு சின்ன எச்சரிக்கைகள். என் நிரலில் சீட்டுக்கு `s` என்று பெயர் வைத்திருந்தேன். `pdb`யில் வெறும் `s` என்று தட்டினால் அது மாறியைக் காட்டாது. "உள்ளே நுழைந்து ஓர் அடி எடு" என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு நிரலை நகர்த்திவிடும். `n`, `c`, `l` என்ற பெயர்களுக்கும் இதே கதிதான். `p s` என்று கேட்பதே பாதுகாப்பு. இன்னொன்று, பார்க்கவேண்டிய சுற்றுகளைப் பார்த்து முடித்தபின் மீதிக் கண்ணியை நடந்தே கடக்கத் தேவையில்லை. நிறுத்தத்தை `cl` கொண்டு நீக்கிவிட்டு, கண்ணியின் கடைசி வரியில் நின்று `unt` என்று கொடுத்தால், அதைவிடப் பெரிய எண்ணுள்ள வரி வரும்வரை ஓடிப்போய்க் கண்ணிக்கு வெளியே நிற்கும்.

ஆனால் அதே கொட்டகையில் டிபக்கர் என்னைக் கைவிட்ட வேலையும் உண்டு. தராசு ஒரு கம்பி வழியாகக் கணினிக்கு இடைவிடாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைப் படிக்கும் கண்ணியை நடுவில் நிறுத்திவிட்டு நிதானமாக மாறிகளைப் பார்த்தால் நிரல்தான் நிற்கிறது, தராசு நிற்பதில்லை. அது அனுப்பியவை இயங்குதளத்தின் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். `c` கொடுத்து மறுபடி ஓடவிட்டதும் நிரல் படிப்பது சற்றுமுன் இறக்கிவைத்த மூட்டையின் எடையை. அப்போது நான் பார்க்கும் கோளாறு நான் நிறுத்தியதால் பிறந்த கோளாறு. அங்கே நேரத்தையும் எடையையும் சேர்த்து ஒரு கோப்பில் அச்சிட்டுவிட்டு, வேலை முடிந்தபின் உட்கார்ந்து படிப்பது ஒன்றே வழி. அப்போது மட்டும் `print`க்கு `flush=True` சேர்க்கவேண்டும். திரைக்குப் போகும்போது வரிக்கு வரி வெளியே வரும் அச்சு, கோப்புக்குத் திருப்பிவிட்டால் மொத்தமாகச் சேர்ந்தபின்தான் எழுதப்படும். நடுவில் நிரல் திடீரென்று செத்துவிட்டால், எந்த வரியில் நின்றது என்று சொல்லவேண்டிய கடைசிச் சில அச்சுகள்தான் முதலில் தொலையும்.

திருத்தம் எளிது. நடக்கும் பட்டியலிலிருந்து எதையும் பிடுங்காமல், வேண்டியவற்றைப் பொறுக்கிப் புதுப் பட்டியல் செய்வது:

```python
def clean(slips):
    return [s for s in slips if s["kg"] != 0]
```

பைத்தான் அகராதியின் மேல் நடந்துகொண்டே அதிலிருந்து நீக்கியிருந்தால் `RuntimeError: dictionary changed size during iteration` என்று அங்கேயே நின்றிருக்கும். பட்டியலுக்கு அந்தக் காவல் இல்லை, சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.

பிறகு சித்திரை முதல் சேர்ந்திருந்த எல்லாக் கோப்புகளையும் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி, ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டேன். இதற்கு `print`தான், வேறெதுவும் தேவையில்லை. பதினேழு நாட்கள் வேறுபட்டன. ஒரு நாளைத் தவிர எல்லாம் மழை நாட்கள். அந்த ஒரு நாள் தராசின் பேட்டரி இறங்கிப்போன நாள் என்று அண்ணன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது இருபத்திரண்டு பேருக்குப் பணம் திரும்பிப் போனது. அக்காவுக்கு வந்தது பன்னிரண்டு ரூபாய், அவர் கேட்டதோ நான்கு. மற்ற இரண்டு தேதிகளையும் தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதையும் நான்காக மடித்து அதே உறைக்குள் வைத்துக்கொண்டார்.